வேட்டிக்கு ஒரு சட்டை

தேரடி வீதியில் மெஹ்ஜபீனிடம் பில் போட்டவர் யாரும் எடுக்க வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனதில்லை என்று பக்கத்துக் கடைக்காரர்கள் வயிறெரிவார்கள். மாமனார் அன்வர் பாஷாவின் ஜவுளிக்கடையில் கல்லா அவளுடையது. இப்படிப் பேசுகிறவர்களுக்கு அவளுடைய பக்குவம் தெரியாது. புடவை எடுத்தவரிடம் அதே நிறத்தில் ஃபால்ஸ் இருக்கிறது என்பாள். பள்ளிச் சீருடைக்கு சாக்ஸ். ஒரே ஒரு பொருள்தான், அதுவும் எடுத்த துணிக்குப் பொருத்தமானது, விலை துணியைவிடக் கம்மியானது. வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு பையை நீட்டுவாள், இரண்டாம் தடவை கேட்க மாட்டாள். மொய்க்கிற ஈயை யாருக்குப் பிடிக்கும்?

வாங்கிப் போன பிறகும் போனுக்கு ஒரு செய்தி போகும், ஒன்றே ஒன்று. எந்தத் துணிக்கு எதைச் சொல்வது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இருக்கட்டுமே.

அந்தக் கடையில் பழைய வழக்கம் ஒன்றும் இருந்தது. சாவுக்குக் கோடித் துணி எடுக்க வருகிறவரிடம் "வேற?" என்று கேட்கக் கூடாது, "வாங்க" என்று வழியனுப்பவும் கூடாது. சத்தமில்லாமல் பில்லைப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். அவர்களும் "வரேன்" என்று சொல்லாமல்தான் இறங்குவார்கள். அன்வர் பாஷா கல்லாவில் இருந்த காலத்தில் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். கம்ப்யூட்டருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம் கடைக்குள் நெரிந்தது. கீழ்பென்னாத்தூர் மணிவேல், பல வருஷ வாடிக்கைக்காரர், கரை வேட்டி ஒன்றும் துண்டு ஒன்றும் கொண்டுவந்து வைத்தார். திரையில் 'சட்டை' என்று வந்தது. மெஹ்ஜபீன் நிமிரவே இல்லை.

"வேட்டிக்கு மேட்ச்சா வெள்ளை சட்டை இருக்குங்கண்ணா, சேத்து எடுத்தா கம்மியா வரும். சைஸ் சொல்லுங்க."

மணிவேல் கொஞ்சம் யோசித்தார். "நாப்பதுங்க. இல்ல, இப்ப ரொம்ப இளைச்சிட்டாரு. முப்பத்தெட்டு குடுங்க."

முப்பத்தெட்டைக் கட்டிக் கொடுத்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார். "மறுபடியும் வாங்கண்ணா" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

அடுத்த வாரம் மணிவேல் மொட்டைத் தலையோடு வந்து நின்றார். இந்த ஊரில் மொட்டைத் தலைக்கா பஞ்சம்?

"வேண்டுதலாண்ணா?" என்றாள் சிரித்துக்கொண்டே.

"இல்லம்மா. அப்பா தவறிட்டாரு." போனை எடுத்து நீட்டினார். "பால் தெளிச்சிட்டு வந்து உக்காந்தேன், அப்பதான் இது வந்துச்சு. இதை எப்பிடி நிறுத்தறதுனு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கடையின் செய்திதான். 'வேட்டி பிடித்திருந்ததா? அதே கரையில் இன்னொரு வேட்டி எடுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடி. மீண்டும் வருக.' அவள் கையால் எழுதிய வரிகள். இளைச்சிட்டாரு என்று அவர் சொன்னது இப்போதுதான் அவள் காதில் விழுந்தது. கம்ப்யூட்டரில் அவர் எண்ணைத் தேடி எடுத்து நீக்கினாள்.

"நான் உங்க முகத்தைப் பாக்கலண்ணா. தப்பு பண்ணிட்டேன். அந்தச் சட்டையைக் குடுத்திடுங்க, நான் எடுத்துக்கறேன்."

"அது அவரு மேலயே போயிடுச்சும்மா."

மணிவேலே தொடர்ந்தார். "வேணாம்னுதான் சொல்லணும்னு நெனச்சேன். நீங்க சைஸ் கேட்டதும் வாய் வரல. ஆஸ்பத்திரியில கெடந்ததுல தோளெல்லாம் ஒட்டிப்போச்சு. சட்டை போட்டதும் கொஞ்சம் பழைய மாதிரி தெரிஞ்சாரு."

இது மன்னிப்பா, ஆறுதலா என்று அவளுக்கு விளங்கவில்லை. எதுவானாலும் தனக்கு அதை வாங்கிக்கொள்ளத் தகுதியில்லை என்று பட்டது. திட்டியிருந்தால் தேவலை. பாவம் செய்தவளுக்கு நல்ல வார்த்தைதான் அதிகம் சுடும்.

அன்று மாலை வேட்டிக்கு எழுதி வைத்திருந்ததையெல்லாம் அழித்தாள். செய்தி அனுப்புவதை அடியோடு விட்டுவிடவில்லை. வியாபாரம் நடக்க வேண்டுமே. வெள்ளைத் துணிக்கு மட்டும் போகாது. மற்றவர்களிடமும் அனுப்பலாமா என்று கேட்டுத்தான் எண்ணை வாங்குகிறாள். திரையைப் பார்க்குமுன் ஆளைப் பார்க்கிறாள். இதனால் கல்யாணத்துக்கு வேட்டி எடுப்பவர்கூட சில நாள் சட்டை இல்லாமல் போய்விடுகிறார். போகட்டும் என்கிறாள்.

மணிவேல் அன்று போனை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனார். அவள் எழுந்து நின்றாள். என்ன சொல்லி அனுப்புவது? பழகிப்போன அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறெதுவும் நாக்கில் இல்லை, அதைச் சொல்லவோ பயம். படியில் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் திரும்பிப் பார்த்தார்.

"வரேம்மா" என்றார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். "வாங்க" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.