வெறுஞ்சுவரும் என் மக முகமும்

என் ரெண்டாவது மக, ஊர்ல கட்டுறவங்களுக்கெல்லாம் வீட்டுப் படம் வரைஞ்சு கொடுக்கிறவ. ஜன்னல் எங்கே, வாசல் எந்தப் பக்கம் எல்லாம் கம்ப்யூட்டர்லயே கோடு போட்டுடுவா. அவ வீட்டு வாசல் மட்டும் ஒருத்தனுக்குத் தெரியக் கூடாது. கோர்ட்டுல தீர்த்து விட்டும் ஒட்டிக்கிட்டு வர்ற அவ புருஷனுக்கு.

போன வருஷம் நெட்டுல இருக்கிற அவ வேலைப் பக்கத்துல தன் முகப் படம் ஒண்ணு போட்டா. பின்னால ஆணியில பேத்தியோட ஸ்கூல் பை. பையில ஸ்கூல் முத்திரை. மூணு நாள் ஸ்கூல் கேட்டுல வந்து நின்னான் அந்தப் பாவி. பிள்ளைக்கு ஸ்கூலும் மாத்தினோம், வீடும் மாத்தினோம்.

அப்புறம் பூப்படம் வச்சா. வேலை வரலை. பத்து வருஷத்துக்கு முந்தின படம் வச்சா. வீடு கட்டுறதுக்காக வீடியோவுல பேசினவர், "உங்க தங்கச்சி படமா மேடம்?"னு கேட்டாராம்.

"முகமே வேண்டாம்னு விட்டுடேன்"னான் என் மகன்.

"'நான் இல்லாட்டி உன் மூஞ்சிய எவன் பார்ப்பான்'னு சொன்னவன்டா அவன். என் மூஞ்சி இருக்கும். இப்ப இருக்கிற மூஞ்சி. அவனும் பார்க்கட்டும்"னா அவ. எனக்கு வயிறு குளிர்ந்துச்சு.

குடும்பக் குரூப்புல முன்னே போட்ட படம் எதையும் இதுக்கு எடுத்துக்கலை. ஒரு படத்தை வச்சே அது வேற எங்கெல்லாம் இருக்குன்னு தேடிடலாமாம். போன்ல இடம் காட்டுறதையும் அணைச்சா. வெள்ளைச் சுவர்ல சாய்ஞ்சு நின்னா. மகன் எடுத்தான். படத்தைத் தோள் வரைக்கும் வெட்டினான்.

"அருமை, ஏத்திடலாம்"னான்.

"கொடு இங்கே"ன்னேன். எனக்கு எழுத்து தெரியாது, படம் தெரியும். விரலால விரிச்சேன். அவ மூக்குக் கண்ணாடிக்குள்ள எங்க ஜன்னல் கம்பி, அதுக்கு அந்தாண்ட எதிர்க் கடை போர்டு.

"அவனுக்கு நாமளே வழி சொல்லி அனுப்புறோமா?"

மகன் போனை வாங்கி அவகிட்ட காட்டினான்.

"கண்ணாடியைக் கழட்டிடறேம்மா."

"கழட்டினா நீ நீயா இருக்க மாட்டே. திரும்பி நில்லுடி."

ஜன்னல் அவளுக்குப் பக்கவாட்டுல வர்ற மாதிரி நிறுத்தி, திரையை இழுத்து விட்டோம். மறுபடி எடுத்த படத்துல வெளிச்சம் வந்துச்சு, தெரு வரலை. கண்ணாடியில ஒண்ணுமில்லை. முதல்ல எடுத்ததை அழிக்கச் சொல்லி, அழிச்சானான்னு நானே பார்த்தேன்.

படம் ஏறி எட்டாம் நாள் அவனைப் பெத்த சம்பந்தியம்மா போன் பண்ணினாங்க. குரல்ல அப்படியொரு தேன்.

"பிள்ளை படம் பார்த்தோம். லட்சணமா இருக்கா. எந்த வீடு சம்பந்தி அது?"

"சுவர் வச்ச வீடு"ன்னேன்.

"அவன் சோறு தண்ணி இல்லாம அதைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்."

"பார்க்கட்டும் சம்பந்தி. எவ்வளவு பெருசாக்கினாலும் என் மக முகம்தான் பெருசாகும்"னு சொல்லி போனை வச்சேன்.