கண்மட்டம்

திரைச்சீலைக் கடைத் தையல்காரிக்கு இருபத்தெட்டு வயதில் வடிவமைப்புக் கல்லூரி ஆசை வந்துவிட்டது. வந்தால் லேசில் விடுகிற ஆளா அவள்! கடையில் நாலு மாதம் விடுப்புக் கேட்டாள். "அதுக்கு மேல ஒரு நாள் ஆனாலும் வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று முதலாளியம்மா கறாராகச் சொல்லிவிட்டார். நுழைவுத் தேர்வில் தேறினால் கல்லூரி. இல்லையென்றால் காலத்துக்கும் ஓரம் அடிக்க வேண்டியதுதான்.

சுவரில் அவள் ஒட்டிய அட்டவணையைப் பார்த்து, லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் வாயைப் பிளந்தான். திங்கள் நிழல், செவ்வாய் மனித உருவம், புதன் பெர்ஸ்பெக்டிவ், வியாழன் நினைவிலிருந்து, வெள்ளி கம்போசிஷன், சனி கடிகாரம் வைத்து மாதிரித் தேர்வு, ஞாயிறு அந்த வாரத்துத் தப்புகள்.

"ஞாயித்துக்கிழமையாவது என்கூடப் பேசுவியா?"

"ஆடாம அசையாம உக்காரு. வரைஞ்சுக்கிட்டே பேசறேன்."

மூன்றாம் மாதம் பயிற்சி வகுப்பு மாஸ்டர் அவளுடைய முப்பது படங்களையும் மேஜையில் பரப்பினார்.

"ஏம்மா, எல்லாப் படத்துலயும் நீங்க தரையிலயே உக்காந்திருக்கீங்களே!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். சம்மணம் போட்டு, மடியில் பலகை வைத்தே வரைந்து பழகியதால், பார்ப்பவரின் கண்மட்டத்தைக் காட்டும் அடிவானக் கோடு முப்பதிலும் தாழ்ந்தே கிடந்தது. மேஜைகளுக்கு அடிப்பக்கம்தான் தெரிந்தது. போன சனிக்கிழமை, மூன்றாம் மாடியிலிருந்து நாற்சந்தியைப் பார்க்கச் சொன்ன கேள்வி சொதப்பியதும் இதனால்தான். ஐந்து வாரமே பாக்கி. பஸ்ஸில் வழியெல்லாம் அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் அட்டவணையில் இன்னொரு கட்டம் சேர்த்தாள்: எங்கிருந்து பார்ப்பது? தரை, நாற்காலி, நின்றபடி, படிக்கட்டு, மாடி. தான் வேலை பார்க்கும் கட்டடத்தில் அனுமதி கேட்டு, ஆறாம் மாடி ஜன்னலோரம் அவளை உட்கார வைத்தான் கணவன். அங்கிருந்து மனிதர்கள் தலையும் தோளுமாகச் சுருங்கினார்கள். வண்டிகளுக்குக் கூரைதான் முகம். அடிவானம் தாளின் உச்சிக்கு ஏறிவிட்டது. மூன்று நாள் எல்லாமே கோணல்மாணல். நாலாம் நாள் ஒரு தெரு சரியாக வந்து உட்கார்ந்ததும், தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை.

தேர்வில் ஒன்றரை மணி நேரம், இரண்டு கேள்வி. பெரியது: நெரிசலான பேருந்துக்குள் நிற்பவர் காணும் காட்சி. எதற்கும் முன்னால் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தாள். நிற்பவர்களின் கண்களெல்லாம் ஏறக்குறைய அந்தக் கோட்டில்; உட்கார்ந்தவர்கள் கீழே, வகிடும் வழுக்கையுமாக. ஐந்து நிமிடம் மிச்சம் வைத்து முடித்தாள்.

முடிவு வந்த அன்று அவளுக்குப் பார்க்கவே தைரியம் வரவில்லை. போனைக் கணவனிடம் கொடுத்துவிட்டாள். அவன் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனான். "இல்ல… இங்கயும் இல்ல…" அவளுக்கு உயிரே போய்விட்டது.

"இந்தா, பத்தொம்பதாவது!"

"பத்தொம்பதுக்கா இவ்ளோ நேரம்?"

"நான் கடைசியிலேர்ந்துல்ல பாத்துக்கிட்டு வந்தேன்!"

அழுதுகொண்டே அவன் முதுகில் நாலு சாத்து சாத்தினாள்.