தாத்தாவின் இடது கண்

சென்ற வாரம் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில், தாத்தாவின் திதிக்காக அக்கா மகள் கவிதா கைப்பேசியில் படம் செய்துகொண்டிருந்தாள். எங்களிடம் இருந்தது மடிப்பு விழுந்த ஒரே ஒரு சிறிய புகைப்படம். ஏஐ-யிடம் எழுதிக் கேட்டால் வரைந்து தரும் என்றாள்.

'வயதான தமிழர், ஜன்னல் வழியே மென்மையான காலை வெளிச்சம், வெள்ளைப் பூக்கள், அமைதியான கண்ணியம்' என்று முதலில் எழுதினாள். நீண்ட தாடியுடன் ஒரு முனிவர் வந்தார்.

"இவரு யாரும்மா?" என்றார் அம்மா. செத்துப்போனது அவருடைய அப்பா.

கவிதா புகைப்படத்தை ஏற்றி, 'முகத்தை மாற்றாதே, இளமையாக்காதே, மார்பு வரை போதும்' என்று சேர்த்தாள். முன்பு வேறொரு படத்தில் ஒரு கைக்கு ஆறு விரல் வந்துவிட்டதாம். பெயரையும் படத்திலேயே எழுதித் தரக் கேட்கவில்லை. எழுத்துகள் குழம்பும், பிறகு தனியாகப் போடலாம் என்றாள். இந்த முறை தாத்தா வந்தார், ஆனால் இரண்டு கண்களும் நன்றாகத் திறந்திருந்தன.

தாத்தா ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச்செல்லும் ஃபெரிக் கப்பலில், அதைக் கரையோடு கட்டக் கயிறு வீசுபவராக இருந்தார். ஒருநாள் அறுந்த கயிறு முகத்தில் அடித்து, இடது இமை பாதி மூடியபடியே நின்றுவிட்டது. சிறுவயதில் நானோ, அவர் எனக்கு மட்டும் கண்ணடிக்கிறார் என்று நம்பி, பதிலுக்குக் கண்ணடித்தே மூன்று வருடம் ஓட்டினேன். அவரும் சொல்லவில்லை.

'இடது இமை பாதி மூடியிருக்கட்டும்' என்று எழுதியும் ஏஐ கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் கண்ணைக் குணப்படுத்தியே தந்தது.

"நல்லாதானே இருக்கு, விட்டுரலாம்லா," என்றேன்.

"அந்தக் கண்ணாலதான் எங்கள வளத்தாரு," என்றார் அம்மா.

கடைசியில் கவிதா அந்தப் பழைய புகைப்படத்தை மறுபடி ஏற்றி, முகத்தை விட்டுவிட்டுப் பின்னணியையும் சட்டையையும் மட்டும் விரலால் தேய்த்துக் குறித்தாள். குறித்த இடம்தான் மாறுமாம். "என்ன பூ பாட்டி?"

"சட்டப் பையில செண்பகம். டீசல் வாடை போவட்டும்னு வெப்பாரு."

செண்பகம் என்று எழுதியதற்கு மஞ்சள் ரோஜா வந்தது. 'ஒடுங்கிய நீண்ட இதழ்கள், வெளிர் ஆரஞ்சு, பாதி விரிந்தது' என்று விவரித்த பிறகுதான் சரியானது. பக்கவாட்டில் இளவெயில், பின்னால் மங்கலாக வெள்ளைச் சாமந்தி, நடுவே பாதி மூடிய கண்.

அம்மா கைப்பேசியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அப்பாதான்," என்றார். பிறகு, "குரலும் வருமா?"

"பதிவு ஏதாச்சும் இருந்தா முயற்சி பண்ணலாம் பாட்டி."

எங்களிடம் பதிவு எதுவும் இல்லை. தாத்தா வேலை செய்த பழைய இரண்டடுக்கு ஃபெரிகளும் இப்போது ஓடுவதில்லை. துறைமுகத்தில் கயிறு வீசும்போது தாத்தா உரக்க ஒரு சொல் கத்துவார். கரையில் நிற்பவர் அதைக் கேட்டுத்தான் கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டுவார். அது மலாய்ச் சொல்லா, தமிழா என்று அம்மாவும் நானும் அன்று மாலை முழுக்க யோசித்தோம். இருவருக்கும் அந்தச் சொல் நினைவு வரவில்லை.