ரெண்டு பிறந்த நாளும் ஒரு லாரியும்

கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு நெல் ஏற்ற என்னிடம் ஒரு லாரிதான் இருந்தது. வேளாங்கண்ணிக்காரர் ஒருவர் தன் பழைய லாரியை எனக்கே விலைக்குத் தருவதாகச் சொன்னார், ஆடி முடியும்வரை மட்டும் பொறுப்பேன் என்று. குறுவை அறுப்புக்கு முன் அது வேண்டும் என்று கடன் கேட்டுப் போனேன்.

வங்கி அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க பான் செயல்படாம கிடக்கு. ஆதாரோட இணைக்கலையே. அதைச் சரி பண்ணி, இந்த வருஷ ரிட்டர்ன் போட்டுட்டு வாங்க" என்றார். கெடு முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டதாம். எனக்கு எரிச்சல். வரி கட்டுகிறவளை இல்லாதவளாக்க ஒரு கெடு போதும்.

கீழ்வேளூரில் என் கணக்கைப் பார்க்கிற ஆடிட்டரிடம் போனேன். ஆயிரம் ரூபாய் தாமதக் கட்டணத்தை வருமான வரி இணையதளத்தில் கட்டினார். பணம் கட்டினால் இணைந்துவிடாது, தனியாக இணைப்புக் கோரிக்கையும் கொடுக்க வேண்டும் என்றார். கொடுத்தார். பிறந்த தேதி பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது.

எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்கு ரெண்டு பிறந்த நாள். நான் தை மாதம் பிறந்தேன். ஜூனில் பள்ளியில் சேர்க்க ஐந்து நிரம்பவில்லை என்று தலைமையாசிரியர் என்னை எட்டு மாதம் முன்னாடியே பிறக்க வைத்துவிட்டார். மார்க் ஷீட், ஓட்டுநர் உரிமம், பான், வங்கி எல்லாவற்றிலும் அந்தப் பொய்தான். ஆதார் முகாமில் மட்டும் அம்மா கூட வந்து உண்மையைச் சொல்லித் தொலைத்திருந்தாள்.

பானில் தேதியை மாற்றலாம், ஆனால் மற்றதெல்லாம் இடிக்கும் என்றார் ஆடிட்டர். ஆதாரையே மாற்றத் தீர்மானித்தேன். கேட்டதும் அம்மா கொதித்தாள். "அறுப்பை விட்டுட்டு வந்து உன்னைப் பெத்தவ நான். வாத்தியாரா பெத்தாரு?"

"வாத்தியார் சொன்னாத்தாம்மா பேங்க்ல நம்புறான்" என்றேன்.

"அப்ப அவரையே சோறு போடச் சொல்லுடி."

தாலுகா அலுவலக ஆதார் மையத்தில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் காட்டினேன். பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாற்றலாம், யோசித்துக் கொள்ளுங்கள் என்றார் அங்கிருந்தவர். யோசித்தாயிற்று, போடுங்கள் என்றேன். திருத்தம் ஏறியதும் மறுபடி இணைப்புக் கோரிக்கை கொடுத்தோம். முதலில் கட்டிய பணமே செல்லுபடியானது. இந்தத் தடவை ஏற்றுக்கொண்டது, ஆனால் பானுக்கு உயிர் வர ஒரு மாதம்கூட ஆகலாம் என்றார் ஆடிட்டர். அவசரமென்றால் இப்போதே ரிட்டர்ன் போடலாமாம், ஆனால் ரீஃபண்ட் நிற்கும், வங்கியும் முகம் சுளிக்கும். காத்திருந்தேன். தினமும் போன் செய்து அவர் உயிரை எடுத்தேன்.

ஆடி பிறந்த பிறகுதான் 'செயல்பாட்டில்' என்று வந்தது. அன்றைக்கே ரிட்டர்ன் போட்டு, ஆதாருக்கு வந்த ஓடிபியால் சரிபார்த்து, ஒப்புகையை வங்கி மேசையில் வைத்தேன். ஆடி முடியுமுன் கடன் கிடைத்தது.

வேளாங்கண்ணிக்காரருக்குப் போன் செய்தேன். "வண்டியைக் கழுவி வைங்க, வர்றேன்."