ஜீவராணி அக்காவின் ஐந்து நிமிடம்

பாலைக் குடித்துவிட்டுப் பாய்களில் சரிந்து கிடந்த பதினாறு குழந்தைகளுக்கு முன்னால் நின்று, மரக்கரண்டியை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "சபையோருக்கு வணக்கம்" என்றார் ஜீவராணி. ஒரு குழந்தை எழுந்து உட்கார்ந்து கைதட்டியது. "தட்டுனது போதும் கண்ணு, படு" என்று அதைச் சாய்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவர் அவர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை அவரிடம் விட்டுப் போவார்கள். வாசல் பலகையில் இப்போது நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று இருக்கிறது. அதை யாரும் வாசிப்பதில்லை. அவருக்கு முப்பத்தெட்டு வயது. பெரியவர்களிடம் பேசும்போதும் குழந்தைகளிடம் பேசுகிற குரல்தான் வரும். ஒருமுறை தோட்டத்துக்கு வந்த அதிகாரி ஒருவரிடம் "கை கழுவினீங்களா?" என்று கேட்டுவிட்டார். அவரும் போய்க் கழுவிக்கொண்டு வந்தாராம்.

அவருடைய தம்பி துஷாந்த், ஹாலிஎலவில் என்னோடு ஒரே பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறான். பதுளையில் இரும்புக் கடை வைத்திருக்கும் புவனேந்திரனின் மகள் விதுர்ஷாவோடு அவனுக்குக் கல்யாணம். வரவேற்பில் அறிவிப்பாளன் நான். மாப்பிள்ளை வீட்டின் சார்பில் யார் பேசுவது என்று கேட்டபோது, தாய்மாமனைச் சொன்னார்கள், தோட்டத் தலைவரைச் சொன்னார்கள். துஷாந்த் மட்டும், அக்கா பேசினால் போதும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அதனால்தான் கல்யாணத்துக்கு முந்தைய இரண்டு வாரமும் நான் பிள்ளைக் காம்பராவுக்குப் போய்வந்தேன். முதல் நாள் அவர் எழுதி வைத்திருந்ததைக் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தேன். பதினொரு நிமிடம். பசித்த சபை ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது என்றேன். நன்றிப் பட்டியலை வெட்டினோம்; அதை நான் சொல்லிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு நிஷாந்தினி எழுதிக் கொடுத்த வாழ்த்துக் கவிதையை அவரே எடுத்துவிட்டார், அதிலிருந்த பாதிச் சொல்லுக்குத் தனக்கு அர்த்தம் தெரியாது என்று. தம்பியைப் பற்றி ஐந்து வேடிக்கைக் கதைகள் இருந்தன. ஒன்று போதும் என்றேன். கேலி தம்பி மேல் மட்டும் விழ வேண்டும், பொண்ணு மேலோ சம்பந்தி மேலோ ஒரு துளி தெறிக்கக் கூடாது என்பதை நான் சொல்லவில்லை. அவர்தான் எனக்குச் சொன்னார். "கேலி பண்ணுனா அவன் கன்னத்த தொட்ட மாதிரி இருக்கணும் சேர். கிள்ளுன மாதிரி இருக்கக் கூடாது."

தாளைப் பார்த்து வாசித்தால் அவருக்குப் பரிசளிப்பு விழாக் குரல் வந்துவிடும். ஆகவே தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு சிறிய அட்டையில் நான்கே சொற்களை எழுதிக்கொண்டார்: வணக்கம், சம்பந்தி, ஆன்ட்டி, ஆசி.

மூன்றாவது சொல்தான் அந்த ஒற்றைக் கதை. துஷாந்துக்கு நான்கு வயதாக இருக்கும்போது அம்மா லீலா, வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போனார். அப்போது அக்காவுக்குப் பதினான்கு. அந்த வருஷமே பள்ளிக்கூடம் நின்றது. அப்பா தம்பையா விடியலில் மலைக்குப் போய்விடுவார். தம்பியைக் குளிப்பாட்டுவது, எழுத்துச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அக்காதான். மூன்று வருஷம் கழித்து அம்மா விடுமுறையில் வந்து பெரிய பெட்டியோடு லயத்து வீட்டு வாசலில் நின்றார். கதவைத் திறந்த துஷாந்த் மரியாதையாகச் சொன்னான்: "உக்காருங்க ஆன்ட்டி. அம்மா வெளிநாட்டுல இருக்காங்க."

இதை அவர் சொல்லிக் காட்டியபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். துஷாந்தின் கூட்டாளிகளும் இதைத்தான் கேட்டார்கள். இதையே வைத்துக்கொள்ளுங்கள், சபை அதிரும் என்று நானும் சொன்னேன். அம்மா இருக்கும் இடத்தில் அந்தக் கதை ஒருநாளும் சொல்லப்பட்டதில்லை என்பது எனக்குத் தெரியாது.

வரவேற்பு பதுளையில் ஒரு மண்டபத்தில், பகல் பன்னிரண்டரைக்கு. பிரியாணி வாசம் வந்துவிட்டது. நாற்காலிகள் பின்பக்கமாகத் திரும்பத் தொடங்கியிருந்தன. நான் பெயரை அறிவித்தேன். பச்சைப் பட்டுச் சேலையில் ஜீவராணி மேடையேறி, ஒலிவாங்கியை வாங்கி, ஒன்றும் பேசாமல் நின்றார். பத்து விநாடி. நான் பயந்துபோனேன். ஆனால் அவருக்கு அது தெரிந்த வேலை. பிள்ளைக் காம்பராவிலும் அப்படித்தான் சத்தம் அடங்கும்வரை நிற்பார். மண்டபம் அடங்கியது.

வணக்கம் சொன்னார். புவனேந்திரன் ஐயாவையும் அவர் மனைவியையும் பெயர் சொல்லி அழைத்து, பொண்ணக் குடுத்ததோட எங்களுக்கு ஒரு குடும்பத்தையே குடுத்திருக்கீங்க என்றார். அவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். பிறகு அட்டையைப் பார்த்தார். நிமிர்ந்து முன்வரிசையைப் பார்த்தார். அங்கே லீலா அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மகள் ஏதோ வேடிக்கையாகச் சொல்லப்போகிறாள் என்று முன்கூட்டியே புன்னகைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஜீவராணி அட்டையை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பேசியது எதுவும் நாங்கள் ஒத்திகை பார்த்ததல்ல.

"எங்கம்மா குவைத்துல இருந்தப்ப, மாசக் கடைசி ஞாயித்துக்கெழம பண்டாரவளையில ஒரு டெலிபோன் கடைக்குப் போவோம். அம்மா அங்கருந்து போன் எடுப்பாங்க. இவன் காதுல போன வைப்பேன். 'சாப்பிட்டியா தங்கம்?'னு அம்மா கேப்பாங்க. இவன் தலைய ஆட்டுவான். 'ஸ்கூலுக்குப் போறியா?' தலைய ஆட்டுவான். 'அம்மா வரட்டுமா?' அதுக்கும் அப்படித்தான். அந்தப் பக்கம் அம்மா 'ஹலோ, ஹலோ'ங்கறாங்க. நான் போனப் புடுங்கி, 'அம்மா, தலைய ஆட்டுறான்ம்மா, நல்லா ஆட்டுறான்'னு கத்துவேன்."

மண்டபம் சிரித்தது. மாப்பிள்ளை முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டான்.

"விதுர்ஷா, இவன் இன்னும் மாறல. போன் எடுத்தா பதில் வராது. கோவிச்சிக்காதம்மா. தலைய ஆட்டிக்கிட்டு நிக்கறான்னு நெனச்சிக்க."

விதுர்ஷா ஆமாம் என்று தலையாட்ட, சிரிப்பு இன்னும் பெருகியது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அங்க அம்மாவுக்கு ஒண்ணும் கேக்கல. ஆனா எந்த மாசமும் போன் எடுக்காம இருந்ததில்ல. பதிலே வராத போனுக்கு மூணு வருஷம் பேசுனாங்க. இவன் படிச்சது அவங்க அனுப்புன காசுலதான். அதனால நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கறேன். நீங்க ரெண்டு பேரும், ஒருத்தர் தலையாட்டுனா இன்னொருத்தர் கண்ணுக்குத் தெரியற தூரத்துல இருக்கணும். எப்பவும். நல்லா இருங்க."

கைதட்டல் எழுந்தது. நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்: நான்கு நிமிடம் நாற்பது விநாடி.

பின்னொரு நாள் அவரிடம் கேட்டேன், ஆன்ட்டி கதையை ஏன் விட்டீர்கள் என்று. "அம்மா சிரிக்கறதுக்கு ரெடியா ஒக்காந்திருந்தாங்க சேர். அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?" என்றவர், அழுத குழந்தையின் மூக்கைத் துடைக்கப் போய்விட்டார்.

அன்று கைதட்டல் ஓயும் முன்பே லீலா அம்மா எழுந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. மேடையேறி வந்து, குனிந்த மகனின் தலையில் ஒரு கையும் மருமகளின் தலையில் ஒரு கையும் வைத்தார். அவர் உதடுகள் அசைந்தன. படம் பிடிப்பவர் நெருங்கி வந்தார். நான் அறிவிப்பாளன் புத்தியில், அம்மாவின் வாய்க்கு நேரே ஒலிவாங்கியைப் பிடிக்கச் சொல்லி ஜீவராணிக்குச் சைகை காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். ஒலிவாங்கியைத் தன் நெஞ்சோடு சேர்த்து, உள்ளங்கையால் அதன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.