கஞ்சி போட்ட ரிப்பன்

கிருபாவதி டீச்சரின் அப்பாவுக்குப் போடி கடைவீதியில் ஜவுளிக்கடை. மகள் தையல் படித்துக் கடைக்கு உதவியாக இருப்பாள் என்று அவர் நினைத்தாராம். மகளோ மதுரைக்குப் போய் உடற்கல்விப் பயிற்சி முடித்து, சின்னமனூருக்கு மேற்கே இருந்த எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு விளையாட்டு டீச்சராக வந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அவர் ஊதினால் பள்ளிக்கூடத்து வேப்பமரத்துக் காக்காய்கூட வரிசையில் உட்காரும் என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

நான் அங்கே கணக்கு டீச்சராகச் சேர்ந்தது 1984 ஜூனில். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அடுத்த கோடை விடுமுறையில் கிருபாவதி டீச்சர் மதுரையில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தார். ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் என்றார். முந்தின வருடம்தான் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்த்திருந்தார்கள். பெண்களுக்கு மட்டுமான விளையாட்டு. ரிப்பன், வளையம், பந்து, கயிறு என்று கையில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு, அதைச் சும்மா விடாமல் உடம்போடு சேர்த்து ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதை ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

சாமான் வாங்கப் பள்ளியில் வழி இல்லை. கிணற்றடித் தோட்டங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கருப்புப் பிளாஸ்டிக் குழாயில் மீந்த துண்டுகளைக் கேட்டு வாங்கினார். வெந்நீரில் இரண்டு முனைகளையும் இளக்கி, உள்ளே மரக்கட்டையைச் செருகி இணைத்து வளையமாக்கினார். நிற்கவைத்தால் பிள்ளையின் இடுப்பு வரை வர வேண்டும், அதுதான் அளவு. ரிப்பனுக்கு அப்பா கடையிலிருந்து வழவழப்பான சாட்டின் துணி வந்தது. பெரியவர்களுக்கு ஆறு மீட்டர், நம் பிள்ளைகளுக்கு நாலு போதும் என்றார். முதலில் அதை மூங்கில் குச்சியின் நுனியில் இறுக்கிக் கட்டினார். நாலு சுற்றுக்குள் ரிப்பன் குச்சியிலேயே முறுக்கிக்கொண்டது. பிறகு சாவிக்கொத்தில் சுழலும் கொக்கி இருக்குமே, அதை நுனியில் பொருத்தினார். அதன்பின் முறுக்கு விழவில்லை.

பிள்ளைகளுக்கு வளையம் சீக்கிரம் கைவந்துவிட்டது. ரிப்பன்தான் வரவில்லை. மணிக்கட்டை மேலும் கீழும் அசைத்தால் ரிப்பன் பாம்பு போல நெளிந்து ஓட வேண்டும். வட்டமாக அசைத்தால் சுருள் சுருளாக வர வேண்டும். "நிப்பாட்டக் கூடாது, நிப்பாட்டினா செத்துரும்" என்று டீச்சரே சொல்வார். சொல்லிவிட்டு, ஒன்று என்று எண்ணி ஒரு விசில், இரண்டு என்று எண்ணி ஒரு விசில் ஊதுவார். பதினைந்து வருடமாகக் கூட்டு உடற்பயிற்சி நடத்திய பழக்கம். ஒவ்வொரு விசிலுக்கும் பிள்ளைகள் கல்லாக நிற்பார்கள், ரிப்பன் காலடியில் குவியும். எங்கே தப்பு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இதற்கிடையில் தலைமையாசிரியர் சங்கரலிங்கம் என்னைக் கூப்பிட்டார். அடுத்து எட்டாம் வகுப்புக்கு வரப்போகும் பெண்கள் கணக்கில் பின்தங்கியிருப்பதாகவும், அவர்களுடைய விளையாட்டுப் பாடவேளைகளை ஜூனிலிருந்து எனக்குத் தரலாம் என்று இருப்பதாகவும் சொன்னார். ஆண்டுவிழாவில் அந்த டீச்சர் என்ன செய்து காட்டுகிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்வாராம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பின்தங்கியிருப்பது நிஜம். என்னை வயல் வரப்பிலிருந்து வெளியே கொண்டுவந்தது கணக்குதான். அதையே இன்னொரு பெண்ணுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் என்ன தப்பு என்று ஒரு பக்கம் தோன்றியது. கிருபாவதி டீச்சருக்கு விஷயம் தெரியும். என்னிடம் முகம் மாறவில்லை. ஒரு நாள் மட்டும், "ஒங்க பிள்ளைகதான டீச்சர் இதுகளும்" என்றார்.

ஆண்டுவிழா பிப்ரவரியில், சாயங்காலம். டீச்சர் பிள்ளைகளை மத்தியானமே வரச் சொல்லியிருந்தார். ரிப்பன்காரப் பிள்ளைகள் குச்சியும் துணியுமாக வந்து நின்றார்கள். டீச்சர் ஒரு ரிப்பனை வாங்கி வீசினார். அது வீசிய இடத்தில் மடங்கி, வாழை மட்டை போல நின்றது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே.

"என்னடி பண்ணுனீக?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாயக்காள்தான் வாய் திறந்தாள். அவள்தான் எல்லாருக்கும் யோசனை சொன்னவளாம்.

"தொவச்சுக் கஞ்சி போட்டோம் டீச்சர். விழான்னா பாவாடை தாவணிக்கே போடுவாகள்ல. மொடமொடன்னு இருந்தாத்தான லட்சணம்னு எங்க ஆத்தா சொன்னாக. நீலமும் போட்டோம்."

டீச்சர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ரிப்பனை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். "நல்ல பச்சரிசிக் கஞ்சி" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பிள்ளைகள் பார்க்கவில்லை.

வளையத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்றேன். "ரிப்பன் பிள்ளைகள வீட்டுக்கு அனுப்பவா?" என்று கேட்டார்.

பள்ளிக்குப் பின்னாலிருந்த பம்புசெட் தொட்டியில் எல்லாவற்றையும் அலசினோம். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். கஞ்சி போய்விட்டது. ஆனால் ஈரத்துணி கனத்தது, தரையைத் துடைத்தது. கொடியில் போட்டால் காய நேரமில்லை. டீச்சர் சற்று யோசித்துவிட்டு, "குச்சியில மாட்டிக்கிட்டு ஓடுங்கடி. தரையில படாம ஓடுங்க. யாரும் நிக்காதீக" என்றார்.

பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். முதல் சுற்றில் ஈரம் சொட்டியது. போகப் போக ரிப்பன் லேசாகிப் பின்னால் மிதந்தது. கை வலித்தவர்கள் ஓடிக்கொண்டே மணிக்கட்டைச் சுழற்றினார்கள். ரிப்பன் சுருள் சுருளாக விரிந்தது. யாரும் எண்ணவில்லை, யாரும் ஊதவில்லை. மாயக்காள் சிரித்துக்கொண்டே தன் ரிப்பனுக்குள் தானே புகுந்து போனாள். சீக்கிரமாக வந்துவிட்ட தாய்மார்கள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இந்தப் பிள்ளையவா நான் அசமந்தம்னு வஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் மாயக்காளின் அம்மா சந்தனம்மாள்.

கிருபாவதி டீச்சர் கழுத்திலிருந்த விசிலைக் கையில் எடுத்தார், ஊதவில்லை. பிறகு மெதுவாக, என்னிடமா தனக்கா என்று தெரியாத மாதிரிச் சொன்னார்: "நாந்தான் நிப்பாட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

சாயங்காலம் வளையப் பிள்ளைகளுக்கு விசில் ஊதினார். ரிப்பன் பிள்ளைகள் வந்தபோது ஊதவில்லை. மற்றவர்களை ஒரு கும்மி மெட்டை முணுமுணுக்கச் சொன்னார். ஓரிருவருடைய ரிப்பன் சிக்கியது, ஒரு குச்சி கை நழுவிப் பறந்தது. அந்தப் பிள்ளை ஓடிப்போய் எடுத்துக்கொண்டு, ஓட்டம் குறையாமல் வந்து சேர்ந்தாள். மத்தியானம் ஓடிய அழகு முழுதாக வரவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் தலைமையாசிரியர் மத்தியானமே தன் அறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார்.

திங்கட்கிழமை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "பாடவேளை பிள்ளைகளுக்கே இருக்கட்டும். ஆனா கணக்குல தேறலைன்னா யாருகிட்டக் கேக்குறது?" என்றார்.

நான் முந்திக்கொண்டேன். காலை மணியடிப்பதற்கு முன்னால் நான் எடுக்கிறேன் என்றேன். அந்த நேரத்தில் பிள்ளைகள் தண்ணீர் எடுப்பார்கள், மாட்டுக்குத் தீவனம் போடுவார்கள், வர மாட்டார்கள் என்றார் அவர். வீட்டுக்கு வீடு போய்ப் பேசி அனுப்பிவைப்பது தன் பொறுப்பு என்றார் கிருபாவதி டீச்சர்.

போய்ப் பேசவும் செய்தார். பாதிப் பேர் வந்தார்கள், பாதிப் பேர் வரவில்லை. வராதவர்களில் இரண்டு பேர் எட்டாம் வகுப்புக் கணக்கில் தேறவில்லை. அதில் மாயக்காளும் ஒருத்தி. அந்தப் பாடவேளைகளை நான் வாங்கியிருந்தால் அவள் தேறியிருப்பாளா என்று இப்போதும் யோசிக்கிறேன். தேறியிருக்கலாம். கிருபாவதி டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "ரெண்டும் வேணும் டீச்சர். இதுகளுக்கு ரெண்டுக்கும் நேரம் இல்லாம வச்சிருக்காக, அதுதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு வளையம் செய்யக் குழாய் கேட்டு ஒரு தோட்டத்துக்குப் போனார்.