முதல் நிறுத்தம் புதுக்காலனி

சத்யாவைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். அவளைப் பற்றித் தப்பாகப் பேசுகிற உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. ஒரே குடோனில் அவள் கம்ப்யூட்டர், நான் தராசு. தினம் ஒரே டப்பாவில் புளிச்சோறு தின்றவர்கள் நாங்கள்.

நெய்வேலி டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே எங்கள் முந்திரி குடோன். முதலாளி சோமசுந்தரம், மைன்ஸில் பெர்மனன்டாக இருந்து ரிட்டயர் ஆன திருநெல்வேலிக்காரர். உடைத்துச் சுட வைத்த பருப்பை டின் டின்னாக ஊர்களுக்கு அனுப்புவார். வீட்டில் இருக்கிற பெண்கள் கத்தியால் தோலை உரித்து வைப்பார்கள். மறுநாள் காலை வேன் போய் உரித்ததை வாங்கிக்கொண்டு புதிதாகப் பருப்பு கொடுக்கும். கொளஞ்சிநாதன் வேன் ஓட்டுவார். நான் தராசோடு பக்கத்தில் உட்கார்ந்து போவேன்.

சத்யாவுக்குச் சொந்த ஊர் வளையமாதேவி. நிலம் சுரங்கத்துக்குப் போனபின் அவள் அம்மா செங்கமலமும் அவளும் புதுக்காலனிக்கு வந்து சேர்ந்தார்கள். டிப்ளமோ படித்துவிட்டு ஒரு கான்ட்ராக்டரிடம் சர்வே வேலை பார்த்தாள். கான்ட்ராக்ட் முடிந்தது, வேலையும் முடிந்தது. எங்கள் குடோனுக்குப் பில் போட வந்தாள். கெட்டிக்காரி. அதைத் தானே சொல்லிக்கொள்ளவும் கூசமாட்டாள். அவள் அம்மாவும் எங்களிடம் தோல் உரிக்கிறவள்தான்.

அப்போதெல்லாம் யார் காலையில் முதலில் போன் செய்கிறார்களோ அந்த ஊருக்கு முதலில் போவோம். திருவதிகைக்காரி முந்திக்கொண்டால் அவ்வளவு தூரம் போய், திரும்பிப் பக்கத்து ஊருக்கு வந்து, மறுபடியும் பண்ருட்டிப் பக்கம் ஓடுவோம். டீசல் பில்லைப் பார்த்து முதலாளிக்குத் தலை சுற்றியது.

"ஐயா, சர்வேல நாங்க செஞ்ச மாதிரி இதையும் செய்யலாம்" என்றாள் சத்யா.

காசு கொடுக்காமல் கிடைக்கிற ஒரு மேப் சாஃப்ட்வேர். ரோடுகள் எல்லாம் கோடுகளாக அதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒவ்வொரு துண்டுக்கும் அதன் நீளம் தெரியும். நாங்கள் நிற்கிற பதினோரு இடங்களையும் புள்ளி வைத்தாள். புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் பக்கத்து ரோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. குடோனில் கிளம்பிக் குடோனுக்கே வர வேண்டும், நடுவில் இருக்கிற ஊர்களை எந்த வரிசையில் வேண்டுமானாலும் மாற்றிக்கொள் என்று அதற்குச் சொன்னாள். ஒவ்வொரு இடத்திலிருந்தும் மற்ற இடங்களுக்கு எவ்வளவு தூரம் என்று அது முதலில் பார்த்துக்கொள்ளுமாம். பிறகு வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்து, மொத்தம் குறைவாக வருகிறதை எடுத்துக் கொடுக்குமாம். இதை எனக்குச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும். முதல் தடவை அது எங்களை ஒரு பழைய ரோட்டில் போகச் சொன்னது. அந்த ரோடு இப்போது சுரங்கத்தின் பள்ளம். சிரித்துக்கொண்டே அந்த இடத்தில் ஒரு தடையைப் போட்டு மறுபடியும் ஓட்டினாள்.

இந்தத் தடவை அது கொடுத்த வழி ஒரு வட்டம். ஒரு பக்கமாகப் போய், திருவதிகையைத் தொட்டு, மறுபக்கமாக வந்தது. முன்பு சுற்றியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். முதலாளி அன்றைக்கு எங்களுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார்.

வட்டத்தில் முதல் நிறுத்தம் புதுக்காலனி. கடைசி சின்னக்குப்பம்.

சின்னக்குப்பத்தில் எங்களுக்கு ஒரே ஒரு வீடு, செந்தாமரையின் வீடு. குடோனுக்கு அப்படி ஒன்றும் தூரமில்லை. மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே போய் அதே வழியில் திரும்ப வேண்டும். அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு பெண். பிள்ளைக்கு வலிப்பு வரும். விட்டுவிட்டு நூறுநாள் வேலைக்குக்கூடப் போக முடியாது. வீட்டில் உட்கார்ந்து பருப்பு உரிக்கிற இந்த ஒரு வேலைதான் அவளுக்கு.

எங்கள் குடோன் வழக்கம், உரிக்கிற எடைக்குக் கூலி, ஒரு ஆளுக்கு மூன்று டின் வரை எடுத்துக்கொள்ளலாம். வண்டி யார் வாசலில் முதலில் நிற்கிறதோ அவளுக்கு முழுப் பருப்பும் மூன்று டின்னும். கடைசியில் போகிறவளுக்கு அடியில் கிடக்கிற உடைசல்தான். பந்திக்கு முந்தினவளுக்குத்தான் வடை பாயசம். போனில் முந்தி அடித்த காலத்தில் ஆளுக்கு ஒருநாள் அதிர்ஷ்டம் அடிக்கும். இப்போது தினமும் ஒரே வழி, ஒரே வரிசை. செந்தாமரைக்குத் தினமும் ஒரு டின், சிலநாள் அதுவும் அரை.

"இன்னாண்ணா, இன்னைக்கும் இவ்ளோதானா?" என்பாள்.

"நான் இன்னா பண்றது? கம்ப்யூட்டர் அப்பிடித்தான் வழி போட்டுக் குடுக்குது" என்பார் கொளஞ்சிநாதன். மற்ற ஊரில் யாராக இருந்தாலும் வேனைச் சிறைபிடித்திருப்பார்கள். இவள் அந்த உடைசலையே முறத்தில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சத்யாவிடம் வந்து சொல்வேன். அவள் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்விடுவாள். என்னடா இது, நாம் ஊர்க்கதை பேசினால் இவளுக்குச் சோறு இறங்கவில்லையே என்று நினைப்பேன்.

அங்கே புதுக்காலனியில் செங்கமலம் அக்கா கொடிகட்டிப் பறந்தாள். "எம் பொண்ணு வண்டி மொதல்ல எங்க வூட்டாண்டதான் நிக்கும்" என்று தெருவெல்லாம் பேச்சு.

இப்படி நாலு மாதம் ஓடியது. ஒருநாள் முதலாளி சத்யாவைக் கூப்பிட்டார். நானும் அங்கேதான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சத்யா, அந்தச் சின்னக்குப்பத்துப் பிள்ளை ஒரு டின்னுக்கு மேல எடுக்க மாட்டேங்கா. ஒரு டின்னுக்காக வேன் உள்ள போய்ட்டு வரணுமாக்கும்? அந்தப் புள்ளிய எடுத்துட்டு ஓட்டிப் பாரு, எவ்வளவு குறையுதுன்னு."

சத்யா புள்ளியை எடுத்தாள். ஓட்டினாள். திரையில் வந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எவ்வளவும்மா?"

"ஆறு கிலோமீட்டருங்க."

"தினமும் ஆறு. பொறவென்ன, நாளையிலேர்ந்து விட்டுருவோம். கொளஞ்சிகிட்ட சொல்லிரு."

அவள் எழுந்து நின்றாள். முகம் சுண்டிப் போயிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

"ஐயா, அவங்க எடுக்காம இல்லைங்க. நாமதான் குடுக்கல. கடைசியா போறதால அவங்களுக்கு மிச்சம் இருக்கறதில்ல."

"அது கம்ப்யூட்டர் போட்ட வரிசைல்லா?"

"இல்லைங்க. நான் போட்டது."

தராசைத் துடைப்பதை விட்டுவிட்டுத் திரும்பினேன்.

அவள் சொன்னாள். அந்த முதல் நாள் சாஃப்ட்வேர் கொடுத்த வரிசையில் முதலில் இருந்தது சின்னக்குப்பம், கடைசியில் புதுக்காலனி. நம் வழியில் ஒருவழிப்பாதை எதுவும் கிடையாது, ஆகவே வட்டத்தை எந்தப் பக்கமிருந்து சுற்றினாலும் மொத்த தூரம் ஒன்றுதான். திருப்பிப் போட்டுப் பார்த்தாள். அதே கிலோமீட்டர். யாருக்கும் ஒரு சொட்டு டீசல் நஷ்டமில்லை. அம்மா முதலில் வாங்கட்டுமே என்று அப்படியே விட்டுவிட்டாள். அன்றிலிருந்து தினமும், சாஃப்ட்வேர் வரிசை கொடுத்ததும் அதைத் திருப்பிவிட்டுத்தான் பிரிண்ட் எடுத்திருக்கிறாள்.

"தூரம் ஒண்ணுதாங்க. ஆனா யாரு மொதல்ல, யாரு கடைசிங்கறது அதுக்குத் தெரியாதுங்க. நம்ம தூரத்த மட்டுந்தான் கேட்டோம். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன்" என்றாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு நியாய அநியாயம் பெரிதில்லை, கிலோமீட்டர் கூடவில்லை என்றதும் பாதிக் கோபம் போய்விட்டது. "ஒருநாள் அப்பிடி, ஒருநாள் இப்பிடி சுத்தச் சொல்லு. ஒரு மாசம் பாப்போம். அப்பவும் அவ எடுக்கலைன்னா புள்ளிய எடுத்துருதேன். உங்க அம்மா டின்னுக்கு இனி நான்தான் கணக்குக் கேப்பேன், கேட்டியா" என்றார்.

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க? நாலு மாசமா அந்தப் பெட்டி மேல பழியப் போட்டியே. நான் வந்து வந்து சொன்னேனே, அப்பவாச்சும் வாயத் தொறந்தியா?"

"ஒவ்வொரு நாளும் நாளைக்கு மாத்திடலாம்னுதான் நெனச்சேன் புவனாக்கா. மாத்தினா ஏன் மாத்தினன்னு கேப்பாங்களேன்னு பயம்."

"செந்தாமரைகிட்ட யாரு சொல்றது?"

"நான்தான்."

மறுநாள் வேனில் என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். வழி திரும்பியிருந்தது, முதல் நிறுத்தம் சின்னக்குப்பம். செந்தாமரை அப்போதுதான் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வேன் சத்தம் கேட்டு சீப்போடு எழுந்து வந்தாள். டின்கள் நிறைந்திருப்பதைப் பார்த்து நம்பாமல் கொளஞ்சிநாதனைப் பார்த்தாள்.

"மூணு எடுத்துக்க" என்றார் அவர்.

சத்யா இறங்கினாள். "அக்கா, நான்தான் கம்ப்யூட்டர்ல வழி போடறவ. உங்கள கடைசில போட்டது கம்ப்யூட்டர் இல்ல. அது உங்களத்தான் மொதல்ல போட்டுச்சு. எங்கம்மாவுக்காக நான் திருப்பிட்டேன்."

திட்டிவிட்டால் தேவலை என்று எனக்கே இருந்தது. செந்தாமரை முதல் டின்னை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

"உங்கம்மாவுக்குன்னு செஞ்ச. நானா இருந்தாலும் செஞ்சிருப்பனோ என்னவோ" என்றாள். "ஆனா ஒண்ணு சொல்றேன். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. அது கணக்குப் பாத்து என்னைக் கடைசில தள்ளுதுன்னா எங்கையி மெதுவு, என் வேலை சுத்தமில்லன்னு நெனச்சிகினேன். ரெண்டு தடவ கத்தி மாத்திட்டேன். புள்ள கூப்புட்டாகூட எழுந்திரிக்காம உரிச்சிகினு இருந்தேன்."

சத்யா அப்போதுதான் அழுதாள். செந்தாமரை அவளைத் தேற்றவில்லை. ஏன் தேற்ற வேண்டும்? பாக்கி இரண்டு டின்னை இறக்கி, உடைசல் இருக்கிறதா என்று கையை விட்டுக் கிளறிப் பார்த்தாள்.

அன்றைக்குப் புதுக்காலனிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேனில் ஒரு டின் மட்டும் இருந்தது. செங்கமலம் அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னாடி இது, இவ்ளோதானா? யாரு பண்ண வேலை?"

கொளஞ்சிநாதன் பழக்கத்தில் "கம்ப்யூட்டர்" என்று ஆரம்பித்தார்.

"இல்லம்மா, நான்தான் பண்ணேன்" என்றாள் சத்யா, அந்த ஒரு டின்னை இறக்கி வைத்துக்கொண்டே.